கொலுப் போட்டிக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்பே எங்கள் நாக்பூர் காலனியில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். இந்த வருஷம் எத்தனை படி, என்ன பொம்மை என்பதல்ல அந்தப் பேச்சு. போன வருஷம் அந்த வீட்டுக்கு ஏன் முதல் பரிசு கொடுத்தார்கள் என்பதுதான். ஒரு சமயம் இந்தப் பேச்சு முற்றிப் போய், 20 வீடுகள் கலந்துகொண்டிருந்த போட்டியில் மறு வருஷம் 9 வீடுகள்தான் பெயர் கொடுத்தன. விலகியவர்கள் கொலு வைக்காமல் இல்லை. வைத்தார்கள், ஆனால் எதிர் வீட்டாரை வெற்றிலை பாக்குக்கு அழைப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டார்கள். சொந்த ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, இருக்கிற நாலு தமிழ்க் குடும்பமும் ஒரு எவர்சில்வர் பாத்திரத்துக்காக முகம் திருப்பிக்கொள்வதா என்று செயலாளர் வருத்தப்பட்டு, விதிமுறை எழுதும் வேலையை என் தலையில் கட்டினார். ரயில்வேயில் மின்பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் செக்‌ஷீட் எழுதியே பழகியவன் நான். அப்படி எழுதிய விதிமுறை இப்போது சில வருஷங்களாக நடைமுறையில் இருக்கிறது. மற்ற ஊர்ச் சங்கங்களிலிருந்தும் கேட்டிருப்பதால் அதன் காரண காரியங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாதுகாப்பு. பல போட்டிகளில் பாதுகாப்புக்கு 20 மதிப்பெண், அழகுக்கு 40, புதுமைக்கு 40 என்று பிரித்து வைத்திருப்பார்கள். பார்வைக்கு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பாதுகாப்பில் 4 வாங்கிய வீடு அழகில் 38 வாங்கினால் முதல் பரிசு கிடைத்துவிடலாம். அதாவது ஒயரில் தீப்பிடிக்கக்கூடிய கொலுவுக்கு மாலை போட்டு மரியாதை செய்கிறோம். பெட்டி பளபளவென்று துடைத்திருக்கிறது, அதனால் பிரேக் சரியில்லாவிட்டாலும் பரவாயில்லை என்று எந்த ஸ்டேஷனிலும் வண்டியை அனுப்ப மாட்டார்கள். ஆகவே எங்கள் விதிமுறையில் பாதுகாப்புக்கு மதிப்பெண்ணே கிடையாது. அது ஒரு வாசற்படி. தாண்டினால் உள்ளே போட்டி, தாண்டாவிட்டால் சரிசெய்து விட்டு மறுபடி வரலாம், அவ்வளவுதான்.

இந்தச் சோதனையை நடுவர்கள் செய்வதில்லை. மின்சாரம் தெரிந்த இரண்டு பேர், நடுவர்கள் வருவதற்கு முதல் நாள் மாலை விளக்குகள் எரியத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆன பிறகு வீடு வீடாகப் போகிறார்கள். ஒரு மணி நேரம் என்பது முக்கியம். குறை உள்ள இடம் சூடாவதற்கு அவ்வளவு நேரம் ஆகும். சுவிட்சைப் போட்ட உடனே தொட்டுப் பார்த்தால் எல்லாம் குளிர்ச்சியாகத்தான் இருக்கும்.

அவர்கள் முதலில் பார்ப்பது பிளக்கையும் எக்ஸ்டென்ஷன் பெட்டியையும். பிளக்கைப் புறங்கையால் தொட்டால் கை பொறுக்காத சூடு இருக்கக் கூடாது. சுவிட்சு போர்டில் துளையைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தாலோ, பக்கத்தில் மீன் வாடை போல ஒரு நெடி வந்தாலோ உள்ளே இணைப்பு தளர்ந்து பிளாஸ்டிக் கருகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சைவ வீட்டில் மீன் வாடை வந்தால் சமையலறையைச் சந்தேகிக்காமல் சுவிட்சு போர்டைப் பார்க்க வேண்டும். பிளக் இல்லாமல் ஒயர் நுனியைத் துளையில் விட்டுத் தீக்குச்சியால் ஆப்பு வைத்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவோம். ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இன்னொன்று, அதில் மூன்றாவது என்று கோத்துக்கொண்டே போவதும் கூடாது. சுவரில் உள்ள சாதாரண 6 ஆம்பியர் துளை தாங்குவது ஏறக்குறைய 1,300 வாட்தான். நாலு எல்.இ.டி. சரம் போட்டால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் அதே பெட்டியில் சுண்டல் சூடுபடுத்த இண்டக்‌ஷன் அடுப்பையும் யாராவது செருகிவிடுவார்கள். மிச்ச ஒயரைச் சுருட்டிப் படிக்கு விரித்த வேஷ்டிக்கு அடியில் ஒளித்து வைப்பதும் பலருக்கு வழக்கம். சுருட்டிய ஒயரின் சூடு வெளியே போக வழியில்லை, மேலே துணி வேறு.

சீரியல் செட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பரணில் இருக்கும் பழைய குமிழ் சரங்களை இன்னும் சில வீடுகளில் ஆசையோடு எடுத்துப் போடுகிறார்கள். 6 வோல்ட் குமிழ் 40 ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது அது. 230 வோல்ட்டை 40 பேர் பங்கு போட்டுக்கொள்வதால் ஒவ்வொன்றுக்கும் ஆறுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கிறது. ஒன்று கெட்டால் சரமே அணையும். வீட்டு இளைஞர் என்ன செய்வார்? கெட்டதை வெட்டிவிட்டு இரண்டு நுனியையும் முறுக்கி செல்லோடேப் ஒட்டிவிடுவார். சரம் மறுபடி எரியும், அதுவும் முன்னைவிடப் பிரகாசமாக! இப்படி வருஷா வருஷம் ஆறு குமிழ் போய்விட்டால், மிச்சம் 34 பேரும் அதே 230 வோல்ட்டைத் தாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 6.8 வோல்ட் ஆகிவிடும், சூடு கால் பங்குக்கு மேல் கூடிவிடும். அதனால் அடுத்த குமிழ் சீக்கிரம் போகும், அதையும் வெட்டுவார்கள். அந்தச் சரம் ஜிகினாத் தாளிலோ பட்டுப் புடவையிலோ படிந்து கிடக்கிறது. எனவே எங்கள் ஆட்கள் குமிழ்களை எண்ணுவார்கள், முறுக்கிய இடங்களைத் தேடுவார்கள். இரண்டுக்கு மேல் ஒட்டு இருந்தால் அந்தச் சரத்தை எடுத்துவிடச் சொல்வோம். இன்றைய எல்.இ.டி. சரங்களில் சூடு பயம் குறைவு. ஆனால் மலிவானவற்றில் ஒயர் நூல் போல இருக்கும், மேலுறை நகம் பட்டால் உரியும். அங்கே பயம் ஷாக்.

ஷாக் என்றதும் இரும்புப் படி. துளையிட்ட இரும்புக் கோணத்தில் முடுக்கிய படிகள் மடித்து வைக்க வசதி, ஆகவே இங்கே பாதி வீடுகளில் அதுதான். விளிம்பு கூர்மையானது. அதன்மேல் ஒயரை இழுத்துக் கட்டினால் உறை அறுந்து, படி முழுவதும் மின்சாரம் பாயும். படியில் டெஸ்டர் வைத்துப் பார்க்கிறோம். லேசாக எரிந்தாலும் ஒயரை அவிழ்த்து, துணியோ ரப்பரோ சுற்றிக் கட்டச் சொல்கிறோம். வீட்டு மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால், அதில் டி என்று ஆங்கில எழுத்து போட்ட சிறு பொத்தானை அமுக்கச் சொல்வோம். மின்சாரம் உடனே நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் அந்தக் கருவி பெயருக்குத்தான் இருக்கிறது. எங்கள் காலனியில் முதல் வருஷம் இப்படி அமுக்கிப் பார்த்தபோதுதான் நாலு வீட்டில் அது வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. கொலு முடிந்த பிறகும் அந்த வீடுகளுக்கு அது உபயோகம்தானே.

மிச்சமெல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவை. குத்துவிளக்குக்கும் துணிக்கும் நடுவே மூன்றடியாவது இருக்க வேண்டும், மின்விசிறி போட்டால் திரை எவ்வளவு தூரம் பறக்கிறது என்று பார்த்து அதற்கு மேல் அளக்க வேண்டும். மேல் படியில் கை வைத்து லேசாகத் தள்ளினால் ஆடக் கூடாது. வாசலுக்குப் போகும் வழியில் பொம்மை, பூங்கா எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது. ஒரே சமயத்தில் பதினைந்து பேர் வந்து உட்காரும் அறை அது.

சோதனையில் தேறாதவர்களுக்கு அன்று இரவு முழுவதும் நேரம் உண்டு, மறுநாள் காலை மறுபடி பார்ப்போம். என்ன குறை என்பது அந்த வீட்டாருக்கு மட்டும் சொல்லப்படும். நடுவர்களுக்குத் தெரியாது.

அடுத்தது மறுபயன்பாடு. இதில்தான் விதி எழுதுவது மிகச் சிரமமாக இருந்தது. காரணம், கொலுவே மறுபயன்பாடுதான். பாட்டி கொடுத்த மரப்பாச்சி, அம்மா பண்ருட்டியில் வாங்கிய செட்டியார் என்று எல்லா வீட்டிலும் பொம்மை பழையதாகவே இருக்கும். அதற்கு மதிப்பெண் என்றால் எல்லோருக்கும் முழு மதிப்பெண், போன வருஷம் கல்யாணமாகிப் புதிதாகக் கொலு தொடங்கிய பெண்ணுக்கு மட்டும் பூஜ்யம். அதனால் பொம்மைகளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த வருஷம் புதிதாகச் செய்தவற்றை மட்டும் பார்க்கிறோம்: பின்திரை, தோரணம், பூங்கா, கோயில், குளம், விளக்கு அலங்காரம்.

இதிலும் ஒரு ஏமாற்று வித்தை உண்டு, அதை ஏமாற்று என்று செய்பவர்களே நினைப்பதில்லை. ஒரு வருஷம் ஒரு வீட்டில் காகிதக் கோப்பைகளால் கோபுரம் கட்டியிருந்தார்கள். அழகான வேலை. "எல்லாம் வேஸ்ட் மெட்டீரியல் சார்" என்றார்கள். கோப்பைகள் ஒன்றில்கூட டீக்கறை இல்லை! மூன்று பாக்கெட் புதிதாக வாங்கிக் கத்தரித்தது. குப்பை போலத் தோன்றும் புதுப் பொருள் மறுபயன்பாடு ஆகாது. ஆகவே நடுவர்கள் இரண்டே கேள்வி கேட்கிறார்கள். இது இதற்கு முன் என்னவாக இருந்தது? விஜயதசமிக்கு மறுநாள் எங்கே போகும்? முதல் கேள்விக்கு 3, இரண்டாவதற்கு 3 மதிப்பெண். பழைய கல்யாணப் பத்திரிகைகளில் செய்த தோரணம் முதல் கேள்வியில் நன்றாக வாங்கும். ஆனால் அதன்மேல் ஜிகினாத் தூளும் பசையும் அப்பியிருந்தால், பழைய பேப்பர்காரரும் எடுக்க மாட்டார், இரண்டாவதில் குறையும். பரணிலிருந்து எடுத்த சேலையை வெட்டாமல் மடிப்பு வைத்துக் குத்திய பின்திரை இரண்டிலும் முழு மதிப்பெண் வாங்கும், ஏனென்றால் பத்தாம் நாள் அது மறுபடி சேலை.

தெர்மோகோல் பற்றி வருஷா வருஷம் கேள்வி வருகிறது. 2022 ஜூலை 1 முதல் அலங்காரத்துக்கான தெர்மோகோல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. விற்பது மட்டுமல்ல, உபயோகிப்பதும் தடைதான். "இது 2015-ல் வாங்கியது, மறுபயன்பாடுதானே" என்று ஒரு மாமி வாதாடினார். வாதம் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் தெர்மோகோல் சட்டென்று பற்றிக்கொள்ளும், உருகிச் சொட்டும் துளியும் எரிந்துகொண்டே விழும், கரும்புகை அறையை நிரப்பிவிடும். மறுபயன்பாட்டில் சேர்ப்பதற்கு முன்பே அது பாதுகாப்பு வாசற்படியில் நின்றுவிடுகிறது. அட்டைப் பெட்டியும் பழைய பத்திரிகைக் கூழும் அதே வேலையைச் செய்யும். அவையும் எரியும், ஆகவே விளக்குக்குத் தூரமாக வைக்க வேண்டும்.

மூன்றாவது, கற்பனைத் திறன். இதற்கு 100-க்கு இவ்வளவு என்று போடச் சொன்னால் ஒருவருக்கு 60 என்பது மோசம், இன்னொருவருக்கு 60 என்பது தாராளம். அதனால் நாலு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. படிகளின் எண்ணிக்கைக்கும் பொம்மைகளின் எண்ணிக்கைக்கும் மதிப்பெண் இல்லை. மூன்று படியானாலும் ஒன்பது படியானாலும் ஒன்றுதான்.

முதல் கேள்வி, சொல்லாமல் புரிகிறதா? நடுவர் உள்ளே வந்ததும் இரண்டு நிமிஷம் யாரும் விளக்கம் சொல்லக் கூடாது. தமக்குப் புரிந்ததை நடுவர் எழுதிக்கொள்கிறார். அப்புறம் வீட்டார் சொல்கிறார்கள். இரண்டும் பொருந்தினால் 3. இது இல்லாமல் இருந்த காலத்தில், நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்கே பரிசு போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது, கடையில் வாங்கிய செட்டை அப்படியே வைத்திருக்கிறார்களா, அதை வைத்து ஏதாவது செய்திருக்கிறார்களா? கல்யாண செட், கிரிக்கெட் செட் என்று பெட்டியிலிருந்து எடுத்து வரிசையாக அடுக்கினால் அது கடைக்காரரின் கற்பனை. எங்கள் காலனியில் ஒரு குடும்பம் பண்டரிபுரத்துக்கு நடந்து போகும் வாரி யாத்திரையை வைத்திருந்தது. கல்யாண ஊர்வல செட்டில் இருந்த மேளக்காரர்களுக்கே வெள்ளைத் துணியில் தொப்பி தைத்துப் போட்டு வாரகரிகளாக மாற்றியிருந்தார்கள். பக்கத்து வீட்டு மராத்திப் பாட்டி வந்து அதற்கு நமஸ்காரம் செய்துவிட்டுப் போனார். மூன்றாவது கேள்வி, கிடைத்த இடத்தை எப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள்? பெரிய ஹால் உள்ளவருக்கும் ஒற்றை அறைக் குடித்தனத்துக்கும் தனித்தனிப் போட்டி வைக்கலாமே என்று கேட்டார்கள். 15 வீட்டை இரண்டாகப் பிரித்தால் போட்டியே சுவாரஸ்யமில்லாமல் போய்விடும். இந்தக் கேள்வியே ஓரளவு சமன் செய்கிறது. நாலாவது, வீட்டுப் பிள்ளைகளின் கைவேலை எவ்வளவு? அதைப் பிள்ளைகளையே கேட்டால் தெரிந்துவிடும், பெற்றோர் ஜாடை காட்டினாலும்.

ஆக, கற்பனைக்கு 12, மறுபயன்பாட்டுக்கு 6, ஒரு நடுவரிடம் மொத்தம் 18.

இனிதான் சண்டைக்குக் காரணமான விஷயம், கூட்டல். மூன்று நடுவர் போட்ட மதிப்பெண்ணைக் கூட்டினால் முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நாலு வீடு, மூன்று நடுவர், பழைய முறைப்படி 100-க்கு மதிப்பெண் என்று வைத்துப் பார்ப்போம்.

முதல் நடுவர்: 1-ஆம் வீடு 88, 2-ஆம் வீடு 62, 3-ஆம் வீடு 70, 4-ஆம் வீடு 75.
இரண்டாம் நடுவர்: 70, 74, 72, 71.
மூன்றாம் நடுவர்: 71, 75, 73, 70.

கூட்டினால் 1-ஆம் வீட்டுக்கு 229, 4-க்கு 216, 3-க்கு 215, 2-ஆம் வீட்டுக்கு 211. முதல் பரிசு 1-ஆம் வீட்டுக்கு, கடைசி 2-ஆம் வீடு. இப்போது வரிசைகளை உற்றுப் பாருங்கள். இரண்டாம் நடுவரும் மூன்றாம் நடுவரும் 2-ஆம் வீட்டைத்தான் முதலாவதாக வைத்திருக்கிறார்கள். மூவரில் இருவர் சிறந்தது என்று சொன்ன வீடு கடைசியில் நிற்கிறது! ஏன்? அந்த இருவரும் 70-க்கும் 75-க்கும் நடுவே அடக்கமாகப் போட்டார்கள். முதல் நடுவர் 62 முதல் 88 வரை தாராளமாக அள்ளியும் கிள்ளியும் போட்டார். அவருடைய 26 மதிப்பெண் வித்தியாசத்துக்கு முன் மற்றவர்களின் 4, 5 மதிப்பெண் வித்தியாசம் எடுபடவில்லை. அவர் பாரபட்சம் காட்டினார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் கை அப்படி. ஆனால் மூன்று நடுவர் என்று பெயர், தீர்ப்புச் சொன்னது ஒருவர்.

இதற்கு மருந்து எளிது. மதிப்பெண்ணைக் கூட்டாமல், ஒவ்வொரு நடுவரின் தாளிலும் முதலாவது, இரண்டாவது என்று இடம் குறித்து, அந்த இடங்களைக் கூட்ட வேண்டும். குறைந்த கூட்டுத்தொகை வென்றது. மேலே சொன்னதில் 1-ஆம் வீட்டுக்கு 1, 4, 3, ஆக 8. 2-ஆம் வீட்டுக்கு 4, 1, 1, ஆக 6. 3-ஆம் வீட்டுக்கு 3, 2, 2, ஆக 7. 4-ஆம் வீட்டுக்கு 2, 3, 4, ஆக 9. முதல் பரிசு 2-ஆம் வீட்டுக்குப் போகிறது. ஒரே தாளில் இரண்டு வீடுகள் சம மதிப்பெண் வாங்கி இரண்டாவது, மூன்றாவது இடத்தில் நின்றால் இரண்டுக்கும் இரண்டரை போடுகிறோம்.

இந்த முறைக்கும் குறை உண்டு. ஒரு வீடு மற்றவற்றைவிட வெகுதூரம் உயர்ந்திருந்தாலும், மயிரிழையில் உயர்ந்திருந்தாலும் இடம் ஒன்றுதான். இன்னொன்று, முடிவு போட்ட பிறகு ஏதோ ஒரு வீட்டை நீக்கினால், அதற்குக் கீழே இருந்த எல்லா இடங்களும் மாறும், பரிசே மாறலாம். பாதுகாப்புச் சோதனையை முதல் நாளே முடித்துவிடுவதற்கு இது இன்னொரு காரணம். நடுவர் வந்து போன பிறகு எந்த வீடும் உள்ளே வருவதுமில்லை, வெளியே போவதுமில்லை. இறுதிக் கூட்டுத்தொகை சமமானால் அதிக முதலிடம் வாங்கிய வீடு, அதுவும் சமமானால் கற்பனை மதிப்பெண்ணின் கூட்டுத்தொகை, அதுவும் சமமானால் பரிசைப் பகிர்வது. இதைப் போட்டிக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுகிறோம். சமமான பிறகு விதி தேடினால் அது யாருக்கோ வேண்டிய விதியாகத்தான் அமையும்.

நடுவர்கள் போகும் வரிசையும் கவனிக்க வேண்டியது. முதலில் பார்க்கும் வீட்டுக்கு எந்த நடுவரும் 3 போடத் தயங்குவார், இன்னும் நல்லது வரலாமே என்று. கடைசி வீட்டுக்கு வரும்போது கால் வலி, பொறுமை இருக்காது. மூவரும் கூட்டமாகப் போனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து எழுதுவார்கள். ஆகவே தனித்தனியாக அனுப்புகிறோம். 15 வீடு என்றால் ஒருவர் 1-ல் ஆரம்பிக்கிறார், இன்னொருவர் 6-ல், மூன்றாமவர் 11-ல். அங்கிருந்து சுற்றி வருகிறார்கள். முதலாவதாகவும் கடைசியாகவும் பார்க்கப்படும் துரதிருஷ்டம் ஒரே வீட்டின் தலையில் மூன்று தடவையும் விழாது. வீட்டுக்குப் பத்து நிமிஷம் வீதம் இரண்டரை மணி நேரம் ஆவதால் இரண்டு மாலையாகப் பிரித்துக்கொள்கிறோம். மதிப்பெண் எழுதி உறையில் போடும் வரை சுண்டல் கிடையாது என்பதும் விதி. இந்த விதிக்குத்தான் மாமிகளிடமிருந்து அதிக எதிர்ப்பு. நடுவரை வெறும் வாயோடு உட்கார வைப்பதா என்றார்கள். இப்போது உறை ஒட்டிய பிறகு பொட்டலமாகக் கையில் கொடுக்கிறார்கள்.

நடுவர்கள் மூவருமே காலனிக்கு வெளியே இருப்பவர்கள். உள்ளூர் ஆளை வைத்துத் தன் உறவினர் வீட்டுக்கு மட்டும் மதிப்பெண் போட வேண்டாம் என்று சொன்னால், இடங்களைக் கூட்டும் முறையில் அவர் தாளில் ஓட்டை விழுந்துவிடும். ஒருவராவது தமிழரல்லாதவராக இருந்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம். இரண்டு வருஷமாக ஒரு மராத்தி ஆசிரியை வருகிறார். செட்டியார் கடையும் மரப்பாச்சியும் எல்லா வீட்டிலும் இருப்பது வழக்கம், அது புதுமையல்ல என்று ஒரு பக்கக் குறிப்பு ஹிந்தியில் எழுதிக் கொடுத்தோம். மற்றபடி, சொல்லாமல் புரிகிறதா என்ற கேள்விக்கு அவரைவிட நேர்மையான பதில் சொல்ல நம்மவர்களால் முடியாது. நமக்குத்தான் எல்லாம் முன்பே தெரியுமே.

உறைகளைப் பிரித்துக் கூட்டுவது விஜயதசமி அன்று சங்க அறையில். போட்டியிட்ட வீடுகளிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுத்த இரண்டு பேர் கூடவே உட்கார்ந்து கூட்டுகிறார்கள். மூன்று தாள்களும், வீட்டு எண், மதிப்பெண், இடம் எல்லாவற்றோடும், நடுவர் பெயர் மட்டும் இல்லாமல், அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் ஏறும். ஒரு வாரம் அங்கே இருக்கும். சென்ற தடவை நாலாவது வந்த வீட்டுக்காரர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து முழுவதையும் திரும்பக் கூட்டிப் பார்த்தார். தமக்கு மறுபயன்பாட்டில் இரண்டாவது கேள்வியில்தான் மதிப்பெண் போனது என்று கண்டுபிடித்து, ஜிகினாத் தூள் இல்லாமல் என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டார். அரிசி மாவில் மஞ்சள் கலக்கச் சொன்னேன்.